மூலையில் 0.6, கண்ணாடித் தட்டில் இரண்டே கோடு

கேள்வி:

ஐயா, நான் திருச்சியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். ஊர் முசிறிப் பக்கம். ஆய்வகம் முடிந்து கிளம்பினால் சத்திரம் பேருந்து நிலையத்தில் எட்டரை மணி வண்டிதான் கிடைக்கும். அதே வண்டியில் என் தோழியும் வருவாள். அவள் கணிதம். போன வாரம் அவளுக்கு ஒரு அசைன்மென்ட். சில அணிகளுக்கு ஐகன் மதிப்பு கண்டுபிடிக்க வேண்டும். ஊர் எல்லை தாண்டியதும் உள்விளக்கை அணைத்துவிட்டார்கள். அவள் போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு நோட்டில் கணக்குப் போட்டாள். திடீரென்று, "என்னடி இது, எதைப் போட்டாலும் பிளஸ் ஒண்ணு, மைனஸ் ஒண்ணுதான் வருது. கணக்கு குடுத்தவருக்கு வேற விடையே கிடைக்கலையா?" என்றாள்.

நான் எட்டிப் பார்த்தேன். மூன்று அணிகள் இருந்தன:

```
| 1   0 |     | 0  1 |     | 0.6   0.8 |
| 0  -1 |     | 1  0 |     | 0.8  -0.6 |
```

முதல் இரண்டும் எனக்குத் தெரிந்த முகங்கள். எங்கள் வகுப்பில் பாலி அணிகள் என்று நடத்தியவை. மூன்றாவதைப் பார்த்ததும் பொறி தட்டியது. முதலாவதை 0.6 பங்கும் இரண்டாவதை 0.8 பங்கும் எடுத்துக் கூட்டினால் அதுதான் வருகிறது. அதாவது சாய்ந்த ஒரு திசையில் எலக்ட்ரானின் ஸ்பின். "ஏய், ஸ்டெர்ன்-கெர்லாக் சோதனையில காந்தத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் ரெண்டு கோடுதான் விழும்னு சார் சொன்னாருடி. நீ கண்டுபிடிச்ச பிளஸ் ஒண்ணு, மைனஸ் ஒண்ணு, அந்த ரெண்டு கோடுதான்!" என்றேன். பாடத்தில் "அளவீட்டு முடிவுகள் ஐகன் மதிப்புகளே" என்று பலமுறை எழுதியிருக்கிறேன். அதற்கு இப்படி ஒரு பொருள் இருக்கிறது என்று அன்றுதான் உறைத்தது.

அவள் விடவில்லை. "அப்ப இந்த 0.6 யாரு? அதுதானே மேல் மூலையில பளிச்சுனு உக்காந்திருக்கு? அதை ஏன் யாரும் அளக்கிறதில்லை?" என்றாள். பிறகு, மேல் நோக்கிய நிலை (1, 0) என்றால் அதன்மேல் அணியைப் பெருக்கினால் (0.6, 0.8) வருகிறது, அளந்த பிறகு அணு அந்த நிலைக்குத்தானே போகும் என்று கேட்டாள். எனக்கு அது சரியில்லை என்று பட்டது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. குணசீலம் வருகிற வரைக்கும் வாக்குவாதம். கடைசியில் நடத்துநர் வந்து, "டார்ச்சை அணைங்கம்மா, டிரைவர் கண்ணாடியில அடிக்குது" என்றார்.

மறுநாள் வகுப்பில் கேட்டேன். "அது போஸ்டுலேட், அப்படியே எழுதுங்க" என்று பதில் வந்தது. அது அடிப்படை விதிதான் என்றால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஏன் ஐகன் மதிப்பு? அணியில் வேறு எத்தனையோ எண்கள் இருக்கின்றனவே?

— ஒரு மாணவி, முசிறி

பதில்:

உங்கள் தோழியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் கதவு. அந்த 0.6 அளக்கப்படுவதில்லை என்பது சரியல்ல. அதுவும் சோதனையில் வரும், ஆனால் ஒரே ஒரு அணுவிடமிருந்து வராது. அது சராசரி.

முதலில் சோதனையைக் கண்முன் கொண்டுவருவோம். 1922, ஜெர்மனியில் ஃபிராங்ஃபர்ட். ஓட்டோ ஸ்டெர்ன் திட்டமிட்டார், வால்தர் கெர்லாக் செய்துகாட்டினார். சுமார் 1000 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓர் உலையில் வெள்ளி ஆவியாகிறது. வெற்றிடத்துக்குள் அந்த ஆவி மிகக் குறுகலான பிளவுகளின் வழியே போய் மெல்லிய கற்றையாகிறது. பிளவின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு. பிறகு மூன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு காந்தத்தின் முனைகளுக்கு நடுவே போகிறது. ஒரு முனை கத்திபோல் கூர்மையானது, மற்றது பள்ளம் வெட்டியது. அதனால் காந்தப்புலம் ஒரு பக்கம் வலுத்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். சீரான புலம் ஒரு சிறு காந்தத்தைத் திருப்ப மட்டுமே செய்யும், சீரற்ற புலம்தான் அதை ஒரு பக்கமாக இழுக்கும். இழுவையின் அளவு, அந்த அணுவின் காந்தம் புலத்தின் திசையில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. கற்றை போய் ஒரு கண்ணாடித் தட்டில் படிகிறது.

உலையிலிருந்து வரும் அணுக்கள் எல்லாத் திசையிலும் சாய்ந்திருக்கும். ஆகவே பழைய இயற்பியலின்படி, மேலே முழுதாக இழுக்கப்பட்டவை, கொஞ்சம் இழுக்கப்பட்டவை, இழுக்கப்படாதவை, கீழே போனவை என்று எல்லாம் கலந்து தட்டில் ஓர் அகன்ற தீற்றல் விழ வேண்டும். விழுந்தது இரண்டு கோடுகள். இடைவெளி 0.2 மில்லிமீட்டர்தான். நடுவில் ஒன்றுமில்லை. அந்தப் படத்தை ஓர் அஞ்சலட்டையில் ஒட்டி, 1922 பிப்ரவரியில் நீல்ஸ் போருக்கு கெர்லாக் அனுப்பினார். (தட்டில் முதலில் ஒன்றுமே தெரியவில்லையாம். ஸ்டெர்ன் பிடித்த மட்டமான சுருட்டின் புகையில் கந்தகம் அதிகம், அது பட்டு வெள்ளி கறுத்த பிறகுதான் படிவு கண்ணுக்குத் தெரிந்தது என்று ஸ்டெர்னே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கதையில் கொஞ்சம் மசாலா இருக்கலாம், வேதியியல் சரிதான்.)

அந்த அஞ்சலட்டைப் படத்தைப் பார்த்தால், நம் புத்தகங்களில் போடுகிற மாதிரி நேரான இரண்டு கோடுகள் இருக்காது. நடுவில் பிரிந்து இரு ஓரங்களிலும் சேர்ந்த உதடுபோல் இருக்கும். கூர்முனைக்கு நேராகப் புலத்தின் சீரின்மை அதிகம், ஓரங்களில் குறைவு, அதனால் அங்கே இழுவை போதவில்லை. கோடுகளுக்கு அகலமும் உண்டு, ஏனென்றால் அணுக்களின் வேகம் ஒன்றுபோல் இருப்பதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தட்டில் யாரும் "+1" என்று எழுதி வைக்கவில்லை. நாம் வாசிப்பது இடத்தை. இரண்டு கூட்டங்களாக அணுக்கள் பிரிந்திருக்கின்றன என்பதைப் பார்த்து, மேல் கூட்டத்துக்கு +1 என்றும் கீழ்க் கூட்டத்துக்கு -1 என்றும் பெயர் வைக்கிறோம். ஸ்பின்னின் உண்மையான அளவு வேண்டுமென்றால் அதை ħ/2 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஐகன் மதிப்பு என்பது கூட்டத்தின் அடையாளம். கோட்டின் தடிமன் உலைக்கும் பிளவுக்கும் காந்தத்துக்கும் உரியது.

இப்போது உங்கள் அணிகளுக்கு வருவோம். ஒரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டு கோடு விழுந்தது 1922-இல். எலக்ட்ரானுக்கு ஸ்பின் உண்டு என்று ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் சொன்னது 1925-இல். பாலி தம் அணிகளை எழுதியது 1927-இல். அப்படியானால் விடையைத் தெரிந்துகொண்டு, +1, -1 வரும்படி அணியைச் செய்து வைத்தார்களா?

ஒரு பாதி, ஆமாம். முதல் அணியில் மூலைவிட்டத்தில் 1, -1 என்று கையாலேயே எழுதியிருக்கிறது. அது சோதனையைப் பார்த்து எழுதியதுதான், அதில் அதிசயமில்லை. இரண்டாவது அணியும் அப்படியே, பக்கவாட்டுத் திசையிலும் இரண்டு கோடு வரும்படி அமைத்தது. ஆனால் மூன்றாவதில் யாரும் எதையும் திணிக்கவில்லை. அது முதல் இரண்டின் கலவை மட்டுமே. சாய்ந்த திசையின் கூறு என்றால் நேர்த்திசைக் கூறில் 0.6 பங்கு, பக்கத்திசைக் கூறில் 0.8 பங்கு. இது பள்ளிக்கூட வெக்டர் கணக்கு. 0.6-இன் வர்க்கமும் 0.8-இன் வர்க்கமும் சேர்ந்தால் 1. எனவே திசை முறையானது. கோணம் சுமார் 53 டிகிரி.

இதையே அணி இல்லாமல், சாதாரண எண்களை வைத்துச் செய்து பாருங்கள். ஒவ்வொரு அணுவும் தன் நேர்த்திசைக் கூறு +1 அல்லது -1 என்றும், பக்கத்திசைக் கூறு +1 அல்லது -1 என்றும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சாய்ந்த திசையில் அதன் கூறு என்ன? 0.6-ஐயும் 0.8-ஐயும் கூட்டியோ கழித்தோ வருவது: 1.4, -0.2, 0.2, -1.4. நான்கு கோடுகள், அதுவும் இந்த இடங்களில்! காந்தத்தைக் கொஞ்சம் திருப்பினால் நான்கும் இடம் மாறும். சோதனையில் அப்படி ஒருபோதும் வருவதில்லை. காந்தத்தை எப்படி வைத்தாலும் இரண்டு கோடு, அதே இடைவெளி.

அணியில் என்ன நடக்கிறது? உங்கள் தோழி போட்ட கணக்குதான். மூலைவிட்டக் கூடுதல் பூஜ்யம், அணிக்கோவை -0.36 - 0.64 = -1. ஆகவே λ² = 1. கோணம் எதுவானாலும் கொசைனும் சைனும் உள்ளே போகும், அவற்றின் வர்க்கங்கள் கூடி 1 ஆகி வெளியே வரும்போது கோணம் காணாமல் போய்விடும். எண்களைக் கூட்டினால் வராத விடை, அணிகளைக் கூட்டினால் தானாக வருகிறது. பேருந்தில் நீங்கள் இருவரும் பிடித்தது இதைத்தான். மூன்றாவது அணி இல்லாமல் முதல் இரண்டோடு அசைன்மென்ட் முடிந்திருந்தால் பிடித்திருக்க மாட்டீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நான் சற்றுமுன் காட்டியதை வைத்து, அணுவுக்குள் முன்கூட்டியே எந்த விடையும் எழுதியிருக்க முடியாது என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். 1932-இல் வான் நியூமன் தம் நூலில் ஏறக்குறைய இந்த வழியில்தான் வாதாடினார். எழுதப்பட்ட விடைகளும் கூறுகளைப்போலவே கூட்டப்பட வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்டது அதிகப்படி என்பதை கிரேட்டே ஹெர்மன் 1935-லேயே காட்டினார், யாரும் கவனிக்கவில்லை. 1966-இல் ஜான் பெல் மறுபடி காட்டிய பிறகுதான் கவனித்தார்கள். மூன்று திசைக்கும் மூன்று வெவ்வேறு காந்த அமைப்பு வேண்டும், ஒரே அணுவை மூன்றிலும் ஒரே சமயத்தில் அனுப்ப முடியாது. ஆகவே மூன்று விடைகளும் கூட்டல் விதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நம் கணக்கு காட்டுவது இவ்வளவுதான்: எளிய வெக்டர் கூட்டலோடு கூடிய முன்விடை ஒத்துவராது.

இனி, ஏன் ஐகன் மதிப்பு? இதற்கு நான் இரண்டு விஷயங்களை மட்டும் உங்களிடம் கடன் வாங்கிக்கொள்கிறேன். ஒன்று, சராசரி காணும் விதி. நிலை v என்றால், அதன்மேல் அணியைப் பெருக்கி, மறுபடி v-யோடு உள்பெருக்கம் செய்தால் கிடைப்பது பல அணுக்களை அளந்த சராசரி. முடிவின் வர்க்கத்துக்குச் சராசரி வேண்டுமென்றால் அணியின் வர்க்கத்தை வைத்து அதே கணக்கு. இரண்டு, ஓர் அணுவை அளந்து, தொந்தரவு செய்யாமல் உடனே அதே திசையில் மறுபடி அளந்தால் அதே விடைதான் வரும். மேல் கற்றையை மட்டும் எடுத்து, அதேபோல் நிறுத்திய இன்னொரு காந்தத்துக்குள் விட்டால் அது மறுபடி பிரியாது, முழுதும் மேலே போகும். (இந்த இரண்டு காந்தச் சோதனையை ஸ்டெர்னும் கெர்லாக்கும் அன்று செய்யவில்லை. புத்தகங்கள் செய்ததுபோல் போடும்.)

முதலில் சராசரியைப் பார்ப்போம். நேர்மேலே நோக்கிய நிலை (1, 0). மூன்றாவது அணியை அதன்மேல் பெருக்கினால் (0.6, 0.8). அதை (1, 0)-வோடு உள்பெருக்கம் செய்தால் 0.6. மேல் மூலையில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தவர் இவர்தான். பழைய இயற்பியலும் இதே 0.6-ஐத்தான் சொல்லும், ஆனால் ஒவ்வொரு அணுவும் 0.6 காட்டும் என்று சொல்லும். இப்போது முடிவின் வர்க்கத்துக்குச் சராசரி பாருங்கள். மூன்றாவது அணியைத் தன்னோடு தானே பெருக்கினால் அலகு அணி வருகிறது. ஆகவே வர்க்கத்தின் சராசரி 1, எந்த நிலையிலும் 1. ஒவ்வொரு அணுவும் 0.6 காட்டியிருந்தால் வர்க்கத்தின் சராசரி 0.36 ஆகத்தான் இருந்திருக்கும். 1-க்கும் 0.36-க்கும் உள்ள வித்தியாசம் 0.64. அதுதான் முடிவுகளின் பரவல். ஆக, முடிவுகள் சிதறித்தான் விழுகின்றன, 0.6-இல் குவியவில்லை.

சிதறல் எப்போது பூஜ்யமாகும்? அணியை A என்று குறிப்போம். ஏதோ ஒரு எண் a-யைச் சுற்றிப் பரவலே இல்லை என்றால், (A - a)-யின் வர்க்கத்துக்குச் சராசரி பூஜ்யம். A சமச்சீரானது என்பதால் அந்தச் சராசரி, (A - a) v என்ற வெக்டரின் நீளத்தின் வர்க்கமேதான். ஒரு வெக்டரின் நீளம் பூஜ்யம் என்றால் அந்த வெக்டரே பூஜ்யம். அதாவது:

```
A v = a v
```

இதுதான் ஐகன் சமன்பாடு! இதை யாரும் மேலிருந்து இறக்கவில்லை. "விடை நிச்சயமாக a" என்ற வாக்கியத்தை அணி மொழியில் எழுதினால் இதுதான் வருகிறது. ஐகன் வெக்டர் என்பது விடையில் சந்தேகமே இல்லாத நிலை, ஐகன் மதிப்பு என்பது அந்த விடை.

ஆனால் இது நிச்சயமான நிலைகளைப் பற்றி மட்டும்தானே சொல்கிறது, (1, 0) போன்ற நிச்சயமில்லாத நிலையில் வேறு எண் ஏதாவது வரக்கூடாதா என்று கேட்க வேண்டும். அங்கேதான் இரண்டாவது கடன். எந்த நிலையிலிருந்து தொடங்கினாலும், ஒரு விடை a வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே மறுபடி அளந்தால் a நிச்சயம். நிச்சயம் என்றால் அணு இப்போது A v = a v என்ற நிலையில் இருக்கிறது. அப்படியானால் a ஐகன் மதிப்பாகத்தான் இருக்க முடியும். 0.6 அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஓர் அணுவும் 0.6 காட்டாது. உங்கள் ஆசிரியர் சொன்னது பொய்யில்லை, விதி ஒன்று வேண்டும்தான். ஆனால் இந்த வழியில் வந்தால் சராசரிக் கணக்கையும், மறுபடி அளந்தால் அதே விடை என்பதையும் ஒப்புக்கொண்டால் போதும், ஐகன் மதிப்பு தானே வந்து நிற்கும்.

அடுத்து உங்கள் தோழியின் இரண்டாவது சந்தேகம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் பலர் படிப்பு முடிகிற வரை இந்தக் குழப்பத்தோடே போகிறார்கள். A-யை நிலையின்மேல் பெருக்குவது அளவீடு அல்ல. எப்படித் தெரிந்துகொள்வது? அவர் சொன்னபடியே போய்ப் பாருங்கள். முதல் "அளவீடு" (1, 0)-வை (0.6, 0.8) ஆக்கியது. மறுபடி அளக்க, மறுபடி பெருக்குங்கள். 0.36-உம் 0.64-உம் கூடி 1, 0.48-இல் 0.48 போனால் 0. ஆக (1, 0). புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம்! மூன்றாம் முறை மறுபடி (0.6, 0.8). எத்தனை முறை செய்தாலும் இரண்டுக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது காந்தத்தில் அதே விடை வர வேண்டும் என்ற சோதனை உண்மையோடு இது ஒத்துப்போகவே போகாது. அந்தப் பெருக்கல் செய்வது பிரதிபலிப்பு, ஒரு கண்ணாடியில் நிலையைத் திருப்பிப் போடுகிறது. காந்தத் துடிப்பு ஒன்றைக் கொடுத்து ஸ்பின்னை அப்படித் திருப்பலாம், ஆனால் அதில் விடை எதுவும் கிடைக்காது.

உண்மையான அளவீட்டுக்குப் பிறகு அணு போய் நிற்கும் நிலைகள் ஐகன் வெக்டர்கள். கண்டுபிடிப்போம். +1-க்கு: மேல் வரிசை, 0.6 x + 0.8 y = x. அதாவது 0.8 y = 0.4 x, x என்பது y-இன் இரு மடங்கு. ஆக (2, 1). -1-க்கு: 0.6 x + 0.8 y = -x, y என்பது x-இன் -2 மடங்கு. ஆக (1, -2). இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து, பெருக்கிக் கூட்டினால் 2 - 2 = 0. நீளத்தை 1 ஆக்க இரண்டையும் √5 ஆல் வகுக்க வேண்டும்.

(1, 0) என்ற நிலையில் வரும் அணு +1 காட்ட நிகழ்தகவு, அந்த நிலைக்கும் (2, 1)/√5-க்கும் உள்ள உள்பெருக்கத்தின் வர்க்கம்: 4/5. -1 காட்ட 1/5. சரிபார்க்க: சராசரி 0.8 - 0.2 = 0.6. மூலையில் இருந்த எண் வந்துவிட்டது. இந்த ஒரு வரிக்காகத்தான் 0.6, 0.8 என்ற எண்களை அசைன்மென்ட்டில் வைத்தவருக்கு நான் கைகொடுப்பேன். நூறு அணுக்களில் ஏறக்குறைய எண்பது மேலே, இருபது கீழே. மேலே போனவை இப்போது (2, 1)/√5 நிலையில் இருக்கின்றன, கீழே போனவை (1, -2)/√5 நிலையில். உங்கள் தோழி சொன்ன (0.6, 0.8)-இல் ஒன்றுகூட இல்லை.

அணி சமச்சீராக இருக்க வேண்டும் என்றேனே, அதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, கீழ் இடது மூலையில் உள்ள 0.8-ஐ மட்டும் -0.8 ஆக்குங்கள். தேர்வில் அவசரத்தில் அடிக்கடி விழும் பிழை இது. λ² = -0.28 என்று வரும். விடையின் வர்க்கம் எதிர்மறை எண்! தட்டில் அப்படி ஓர் இடமே கிடையாது. கற்பனை எண் வந்தால் குவாண்டத்தின் மர்மம் என்று எழுதிவிடாதீர்கள், குறியைப் பாருங்கள். கலப்பெண்கள் உள்ள அணிகளில் சமச்சீருக்குப் பதில் ஹெர்மீஷியன் என்ற நிபந்தனை. மூலைக்கு மூலை இணைக் கலப்பெண்ணாக இருக்க வேண்டும். பாலியின் மூன்றாவது அணியில் -i, i என்று இருப்பதால் பயப்பட வேண்டாம், அதன் ஐகன் மதிப்புகளும் +1, -1 என்ற மெய்யெண்களே.

நான் மேலே காட்டிய குறுக்குவழி ஒன்று, A-யின் வர்க்கம் அலகு அணி என்பது, இரண்டு கோடு விழும் இடத்தில்தான் செல்லும். மூன்று கோடு விழும் ஸ்பின் 1-க்கு அது போதாது. அதற்குரிய பக்கத்திசை அணி இது, முழுவதையும் √2 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்:

```
| 0  1  0 |
| 1  0  1 |
| 0  1  0 |
```

இதை வர்க்கம் செய்தால் அலகு அணி வராது. மும்முறை பெருக்கினால் மறுபடி அதே அணி வரும். ஆகவே λ³ = λ, விடைகள் 1, 0, -1. நடுவில் 0 இருக்கிறது, அதாவது விலகாமல் நேராகப் போகும் கற்றை ஒன்று உண்டு. எலக்ட்ரான் அணுக்கருவைச் சுற்றும் இயக்கத்திலிருந்து வரும் அணிகள் எல்லாம் இந்த ரகம்தான். அவை 1, 3, 5 என்று ஒற்றைப்படை எண்ணிக்கையில் விடை தரும், நடுவில் எப்போதும் 0 இருக்கும். ஃபிராங்ஃபர்ட் தட்டின் நடுவிலோ வெற்றிடம். 1922-இல் போரின் பழைய கோட்பாடு அந்த 0-ஐத் தனியாக விலக்கி வைத்துவிட்டு இரண்டு கோடு என்று சரியாகச் சொல்லியிருந்தது, அதனால் பலரும் கோட்பாடு வென்றது என்று மகிழ்ந்தார்கள். வெள்ளி அணுவின் வெளி எலக்ட்ரானுக்குச் சுற்றுவதால் வரும் கோண உந்தமே இல்லை, அந்த வகையில் அது ஒரே கோடுதான் தந்திருக்க வேண்டும். இரண்டு கோடு வர இரண்டுக்கு இரண்டு அணி வேண்டும், அது ஸ்பின்னிடம்தான் இருந்தது. தோழியிடம் இந்த மூன்றுக்கு மூன்று அணியைக் கொடுத்து ஐகன் வெக்டர்களைக் காணச் சொல்லுங்கள். 0-க்கு உரியது (1, 0, -1) என்று வரும். அதை நேர்த்திசையில் அளந்தால் மூன்று விடைகளில் எது ஒருபோதும் வராது என்று நீங்கள் சொல்லுங்கள்.